கார்டு தேய்த்தால் கடைக்குக் குறைகிறது, யுபிஐயில் குறைவதில்லை: புதிதாகக் கடை தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கடை திறந்து முதல் மாதம் முடிந்ததும் பலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "கார்டு மெஷினில் 15,000 ரூபாய்க்கு வியாபாரம் ஆச்சு. வங்கிக் கணக்கில் அதைவிடக் குறைவாத்தான் வந்திருக்கு. க்யூஆர் கோடில் வந்த காசு மட்டும் ஒரு பைசா குறையாமல் அப்படியே இருக்கு. ஏன்?"

சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்குப் பலமுறை உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறேன். காரணம் புரியாதவரை, எது நியாயமான பிடித்தம், எது தவறான பிடித்தம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் முதலில் காரணத்தைச் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் ஸ்டேட்மென்டை எடுத்துவைத்து எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு நாள் கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். சொல்வது எல்லாம் இந்தியாவில் உள்ள விதிகளை வைத்துத்தான்.

கார்டில் போகும் பணம் யாருக்குப் போகிறது

கார்டு வியாபாரத்தில் கடையிடமிருந்து கழிக்கப்படும் தொகைக்கு எம்டிஆர் என்று பெயர். வங்கி அனுப்பும் தாளில் MDR என்றே அச்சாகியிருக்கும். இது ஒரே ஆளுக்குப் போகும் கட்டணம் இல்லை; மூன்று பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கி ஒன்று. உங்களுக்கு மெஷின் கொடுத்து, பணத்தை வாங்கி உங்கள் கணக்கில் போடும் வங்கி அல்லது நிறுவனம் இன்னொன்று. இந்த இரண்டையும் இணைக்கும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு மூன்றாவது. கிரெடிட் கார்டில் பெரும்பங்கு முதலாமவருக்குத்தான், அதாவது வாடிக்கையாளரின் வங்கிக்கு. உங்களுக்கு மெஷின் கொடுத்தவர் அதைக் கழித்து அனுப்புகிறாரே தவிர, முழுவதையும் தானே வைத்துக்கொள்வதில்லை. "கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க" என்று கேட்டால் அவர் ஓரளவுக்கு மேல் இறங்கிவராததற்கு இதுதான் காரணம். அவர் குறைக்க முடிவது தன் பங்கிலிருந்து மட்டுமே.

வாடிக்கையாளரின் வங்கி ஏன் இவ்வளவு எடுத்துக்கொள்கிறது? கிரெடிட் கார்டில் அது கடன் கொடுக்கிறது. வாடிக்கையாளர் இன்று பொருள் வாங்கி, ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து வட்டி இல்லாமல் கட்டுகிறார். உங்களுக்கோ பெரும்பாலும் மறுநாளே பணம் வந்துவிடுகிறது. இடைப்பட்ட நாட்களுக்கு அந்த வங்கியின் பணம் வெளியே நிற்கிறது. வாடிக்கையாளர் கட்டாமலே போனாலும் நஷ்டம் அந்த வங்கிக்குத்தான். உங்களிடம் திருப்பிக் கேட்க மாட்டார்கள். இதோடு கார்டு திருட்டு, மோசடி, வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் ரிவார்டு பாயின்ட், கேஷ்பேக் எல்லாவற்றுக்குமான செலவும் சேர்கிறது. வாடிக்கையாளர் சந்தோஷமாகச் சேர்த்துவைக்கும் அந்தப் பாயின்ட்டுகளுக்கு உங்கள் கல்லாவிலிருந்தும் ஒரு பங்கு போகிறது.

அதை ஏன் வாடிக்கையாளரிடம் வாங்காமல் கடையிடம் வாங்குகிறார்கள்

கார்டு முறை வளர இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். கையில் கார்டு வைத்திருப்பவரும் வேண்டும், அதை வாங்கிக்கொள்ளும் கடையும் வேண்டும். இந்த இரண்டு பேரில் யாரிடம் கட்டணம் கேட்டால் ஓடிப்போக மாட்டார்? வாடிக்கையாளரிடம் ஒவ்வொரு முறையும் இரண்டு சதவீதம் கூடுதலாகக் கேட்டால் அவர் கார்டைப் பையில் வைத்துவிட்டு நோட்டை எடுப்பார். கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. கையில் காசில்லாமல் கார்டோடு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் வியாபாரமே போய்விடும். இரண்டு சதவீதத்தை விட்டுக்கொடுத்து விற்பது மேல் என்று அவர் முடிவு செய்வார். கட்டணத்தின் சுமை அப்படித்தான் கடைப் பக்கம் வந்து உட்கார்ந்தது. உலகம் முழுக்கக் கார்டு முறை இப்படித்தான் வேர்விட்டது.

டெபிட் கார்டில் இது விதியாகவே இருக்கிறது. கட்டணத்தைக் கடைகள் வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. கிரெடிட் கார்டுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் இதே நிபந்தனை இருக்கும். "கார்டு தேய்ச்சா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா" என்று அட்டையில் எழுதி மாட்டும் முன் அந்த ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுத்தாலே மெஷினைப் பிடுங்கிக்கொண்டு போக அவர்களுக்கு உரிமை இருக்கக்கூடும்.

யுபிஐயில் ஏன் குறையவில்லை

இதில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. பலர் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

முதல் காரணம் வேலையின் தன்மை. யுபிஐயில் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் நேராக நகர்கிறது. யாரும் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. கணக்கில் பணம் இருந்தால்தான் போகும், இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். வாடிக்கையாளர் தன் போனில் தன் பின் எண்ணைப் போட்டு அனுப்புகிறார். உங்கள் பக்கம் ஒரு அச்சிட்ட க்யூஆர் தாள் போதும், விலையுயர்ந்த மெஷின் வேண்டாம். கார்டில் செலவை ஏற்றும் முக்கியமான விஷயங்கள் பலவும் இங்கே இல்லை.

ஆனால் செலவு குறைவு என்பது வேறு, செலவே இல்லை என்பது வேறு. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஒரு விவாத அறிக்கையில், 800 ரூபாய் மதிப்புள்ள ஒரு யுபிஐ வியாபாரப் பரிமாற்றத்தை நடத்தி முடிக்க எல்லாத் தரப்புக்கும் சேர்த்துச் சுமார் 2 ரூபாய் செலவாகிறது என்று கணக்கிட்டிருந்தார்கள். அதாவது கால் சதவீதம். அந்தக் கால் சதவீதமும் உங்களிடம் வாங்கப்படுவதில்லை என்றால், அதற்குக் காரணம் சட்டம்.

2019-இல் நாடாளுமன்றம் நிதிச் சட்டத்தின் வழியே இரண்டு இடங்களில் திருத்தம் கொண்டுவந்தது. வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த 269SU என்ற பிரிவு, 50 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்பவர்கள் அரசு குறிப்பிடும் மின்னணு முறைகளில் பணம் வாங்கியே ஆக வேண்டும் என்றது. பணப் பரிமாற்றங்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ந்த 10A என்ற பிரிவு, அந்த முறைகளில் பணம் கொடுப்பவரிடமும் வாங்குபவரிடமும் வங்கிகள் நேராகவோ மறைமுகமாகவோ எந்தக் கட்டணமும் வசூலிக்கக் கூடாது என்றது. அரசு குறிப்பிட்ட முறைகள் மூன்று: ரூபே டெபிட் கார்டு, யுபிஐ, யுபிஐ க்யூஆர் கோடு. 2020 ஜனவரி 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

இதில் பெரிய கடை, சின்னக் கடை என்ற பாகுபாடு கிடையாது. கட்டாயம் வாங்க வேண்டும் என்பது 50 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு. கட்டணம் வாங்கக் கூடாது என்பது எல்லோருக்கும்.

அப்படியானால் அந்த 2 ரூபாயை யார் கொடுக்கிறார்கள்? ஒரு பகுதியை வங்கிகளும் செயலி நிறுவனங்களும் தாங்குகின்றன. இன்னொரு பகுதியை மத்திய அரசு ஊக்கத்தொகையாகக் கொடுத்து வந்திருக்கிறது. 2024-25 நிதியாண்டுக்கு 1,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒரு திட்டத்தை அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. சிறு வணிகர் வாங்கும் 2,000 ரூபாய் வரையிலான ஒவ்வொரு யுபிஐ தொகைக்கும் 0.15 சதவீதம் என்பது கணக்கு. அந்த ஆண்டில் ஒரு சிறு வணிகர் 1,000 ரூபாய் வாங்கியிருந்தால், அவருக்குக் குறையாமலிருக்க அரசின் கணக்கிலிருந்து வங்கிகள் பக்கம் ஒன்றரை ரூபாய் போகும் என்பது ஏற்பாடு. இந்தப் பணம் கடைக்காரருக்கு வருவதில்லை. அவர் பெயரில் வங்கிக்குப் போவது.

இது முடிந்துபோன விவாதம் இல்லை. பெரிய கடைகளிடமாவது யுபிஐக்குச் சிறு கட்டணம் வாங்க அனுமதிக்க வேண்டும் என்று இந்தத் துறையில் உள்ளவர்கள் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். 2025 ஜூனில் அப்படி ஒரு செய்தி பரவியபோது நிதி அமைச்சகம் அதை மறுத்தது. சட்டம் போட்டதால் வந்த இலவசம் என்பதால், சட்டம் மாறினால் இதுவும் மாறும். வாடகை, சம்பளம் கணக்குப் போடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் வந்ததெல்லாம் ஒன்றல்ல

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது. சவுண்ட் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் சொல்லும். ஆனால் க்யூஆரை ஸ்கேன் செய்து வரும் பணம் மூன்று வகையான இடங்களிலிருந்து வரலாம்.

வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து வந்தால் உங்களுக்குக் கட்டணம் இல்லை, தொகை எவ்வளவாக இருந்தாலும்.

அவர் தன் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ செயலியில் இணைத்து அதிலிருந்து அனுப்பினால், பார்க்க யுபிஐ போல இருந்தாலும் அடியில் கடன்தான் இருக்கிறது. ஆகவே கட்டணமும் திரும்ப வந்துவிடுகிறது. சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய் வரை இதிலும் விலக்கு உண்டு. அதற்கு மேல் போனால் கிரெடிட் கார்டுக்கு ஆவது போலவே கழியும்.

மூன்றாவது, முன்கூட்டியே பணம் ஏற்றிவைத்த வாலட். அதிலிருந்து 2,000 ரூபாய்க்கு மேல் வந்தால், வாலட் நடத்துபவருக்கு அதிகபட்சம் 1.1 சதவீதம் வரை ஒரு பங்கு போக வேண்டும் என்பது 2023 ஏப்ரலிலிருந்து உள்ள ஏற்பாடு. அது உங்களிடமிருந்து கழிக்கப்படுகிறதா, உங்களுக்கு க்யூஆர் கொடுத்தவர் தாங்கிக்கொள்கிறாரா என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

2,000 ரூபாய் என்ற எல்லை இப்படி வேறு வேறு இடங்களில் வருவதால் குழப்பம் அதிகம். "2,000 ரூபாய்க்கு மேல் ஜிபே பண்ணினா பிடிப்பாங்க" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அதைப் பரப்புவார். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐக்கு அந்த எல்லை கிடையாது. அரசின் ஊக்கத்தொகைக் கணக்கு, ரூபே கிரெடிட் கார்டு, வாலட், பிறகு நாம் பார்க்கப்போகும் கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டி, இந்த நான்குக்கும்தான் அந்த எல்லை.

முதல் வேலை: உங்கள் கட்டணத் தாளைத் தேடி எடுங்கள்

மெஷினோ க்யூஆரோ வாங்கும்போது கையெழுத்திட்ட படிவத்தில், அல்லது அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலில், ஒவ்வொரு வகைக் கார்டுக்கும் எத்தனை சதவீதம் என்று ஓர் அட்டவணை இருக்கும். கிடைக்காவிட்டால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்ன சதவீதத்தை வைத்துப் பின்னால் வாதாட முடியாது.

அதில் டெபிட் கார்டு வரியை முதலில் பாருங்கள், ஏனென்றால் இதற்கு மட்டும் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு போட்டிருக்கிறது. 2018 ஜனவரியிலிருந்து உள்ள விதிப்படி, முந்தைய நிதியாண்டில் உங்கள் விற்பனை 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மெஷினில் தேய்க்கும் டெபிட் கார்டுக்கு 0.40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஒரு பரிமாற்றத்துக்கு எவ்வளவு பெரிய தொகையானாலும் 200 ரூபாயைத் தாண்டக் கூடாது. 20 லட்சத்துக்கு மேல் விற்பவர் என்றால் 0.90 சதவீதம், அதிகபட்சம் 1,000 ரூபாய். இது விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டுகளுக்கு. ரூபே டெபிட் என்றால் மேலே சொன்ன சட்டப்படி பூஜ்யம்.

கிரெடிட் கார்டுக்கு இப்படி ஓர் உச்சவரம்பு இல்லை. பேசி முடிக்கும் விலைதான். ஒன்றரையிலிருந்து இரண்டரை சதவீதம் வரை சாதாரணமாகப் பார்க்கலாம்.

மாத வாடகையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கார்டு மெஷினுக்கும் சவுண்ட் பாக்ஸுக்கும் மாதாமாதம் வாடகை பிடிப்பது தனி விஷயம். அது கருவிக்கான வாடகை, பரிமாற்றத்துக்கான கட்டணம் இல்லை. "யுபிஐக்கும் மாசம் 100, 150 பிடிக்கிறாங்களே" என்று வருபவர்களுக்குப் பெரும்பாலும் அது சவுண்ட் பாக்ஸ் வாடகைதான். பெட்டி தேவையில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் க்யூஆர் தாளை மாட்டிக்கொள்ளலாம், அந்த வாடகை இருக்காது.

அடுத்த வேலை: ஒரு நாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

மாதம் முழுவதையும் ஒரே மூச்சில் சரிபார்க்க உட்கார்ந்தால் களைத்துப்போவீர்கள். ஒரே ஒரு நாள் போதும். கட்டணம் தவறாக இருந்தால் அது தினமும் அதே மாதிரிதான் தவறும்.

20 லட்சத்துக்கு மேல் விற்கும் ஒரு கடை. கட்டணத் தாளில் டெபிட் 0.90, கிரெடிட் 2 சதவீதம் என்று இருக்கிறது. அன்று யுபிஐயில் 22,000 ரூபாய் வந்தது, எல்லாம் வங்கிக் கணக்குகளிலிருந்து. அது முழுசாக 22,000 ஆகவே கணக்கில் இருக்கிறது. அதைத் தள்ளிவைத்துவிடலாம்.

கார்டு மெஷினில் நான்கு பேர் தேய்த்தார்கள். விசா டெபிட்டில் 4,000, கிரெடிட் கார்டில் ஒருவர் 6,500, இன்னொருவர் 1,500, ரூபே டெபிட்டில் 3,000. மொத்தம் 15,000 ரூபாய்.

எவ்வளவு கழிய வேண்டும்? விசா டெபிட்டுக்கு 36 ரூபாய். 6,500-க்கு 130. 1,500-க்கு 30. ரூபே டெபிட்டுக்கு ஒன்றுமில்லை. கட்டணம் மட்டும் 196 ரூபாய்.

இந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஆனால் கார்டில் வாங்கிய தொகை 2,000 ரூபாய்க்குள் இருந்தால் அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு. ஆக 36-க்கு 6 ரூபாய் 48 பைசா, 130-க்கு 23 ரூபாய் 40 பைசா. 1,500 ரூபாய்க்கான அந்த 30-க்கு வரி இல்லை. வரி 29 ரூபாய் 88 பைசா. மறுநாள் கணக்கில் விழ வேண்டியது 14,774 ரூபாய் 12 பைசா.

```
15000 - 196 - 29.88 = 14774.12
```

விழுந்ததோ 14,742 ரூபாய் 26 பைசா. வித்தியாசம் 31 ரூபாய் 86 பைசா.

சின்னத் தொகைதானே என்று விடாமல் அதைப் பின்னோக்கிப் பிரித்துப் பாருங்கள். எங்கிருந்து வந்தது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். அதில் 18 சதவீத வரி கலந்திருக்கும் என்று எண்ணி 1.18-ஆல் வகுத்தால் சரியாக 27 ரூபாய் வருகிறது. அன்றைய நான்கு தொகைகளில் எதன் 0.90 சதவீதம் 27? மூவாயிரத்தின். ரூபே டெபிட்டுக்கும் சாதாரண டெபிட் கார்டு போலவே கழித்திருக்கிறார்கள்.

```
31.86 / 1.18 = 27
27 / 3000 = 0.009
```

இதே மாதிரி ஒரு தவறை ஒரு கடையின் கணக்கில் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடைக்கு வேறு விதத்தில்: விற்பனை 20 லட்சத்துக்குள்தான், ஆனால் மெஷின் கொடுத்தவர்கள் படிவத்தில் பெரிய கடை என்று பதிந்துவிட்டார்கள். டெபிட் கார்டு ஒவ்வொன்றுக்கும் 0.40-க்குப் பதில் 0.90 போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் சில ரூபாய் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. ஜிஎஸ்டி தாக்கல் விவரத்தைக் காட்டி வகையை மாற்றச் சொன்ன பிறகு சரியானது.

உங்களுக்கு வரும் செட்டில்மென்ட் அறிக்கையில் ஒவ்வொரு பரிமாற்றமும் தனி வரியாக, Gross Amount, MDR, GST, Net Amount என்ற மாதிரித் தலைப்புகளில் இருக்கும். பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறலாம். வங்கிப் பாஸ்புக்கில் கழித்த பிறகான மொத்தம் ஒரே வரியாகத்தான் தெரியும், அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அறிக்கையைத் தவறாமல் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

தவறு கண்டால்

முதலில் மெஷின் அல்லது க்யூஆர் கொடுத்தவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். தேதி, தொகை, கார்டு வகை, கழித்தது எவ்வளவு, கழிக்க வேண்டியது எவ்வளவு என்ற ஐந்தும் இருந்தால் போதும். ரூபே டெபிட், வங்கிக் கணக்கு யுபிஐ இரண்டிலும் கட்டணம் வாங்கியிருந்தால் 10A பிரிவைக் குறிப்பிடுங்கள். 2020 ஆகஸ்டில் நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கையே, 2020 ஜனவரி 1-க்குப் பிறகு இந்த முறைகளில் வாங்கிய கட்டணத்தை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று சொல்கிறது.

30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் புகாரைப் பதியலாம், கட்டணம் கிடையாது. முதலில் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் நேராக அங்கே போனால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு சதவீதம் உண்மையில் எவ்வளவு

மேலே சொன்ன 6,500 ரூபாய் விற்பனைக்குத் திரும்பி வருகிறேன். அதில் கடைக்கு லாபம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 130. விற்பனை விலையில் பார்த்தால் இரண்டு சதவீதம்தான், ஆனால் லாபத்தில் கால் பங்குக்கு மேல். லாப விகிதம் குறைவாக உள்ள வியாபாரத்தில்தான் கார்டு கட்டணம் கடிக்கிறது. பொருளுக்குப் பாதிக்குப் பாதி லாபம் வைக்கும் வியாபாரத்தில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. அந்த 6,500-இல் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருந்தால், சுமார் 991 ரூபாய் நீங்கள் அரசுக்குக் கட்டப்போகிற வரி. அது உங்கள் பணமே இல்லை. ஆனாலும் இரண்டு சதவீதம் முழு 6,500-க்கும் கணக்காகிறது. கைமாறிப் போகப்போகிற வரிப்பணத்துக்காக மட்டும் நீங்கள் சுமார் 20 ரூபாய் கட்டணம் கொடுக்கிறீர்கள்.

கட்டணத்தின் மீது போன ஜிஎஸ்டியை, நீங்கள் வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மெஷின் கொடுத்தவர் உங்கள் ஜிஎஸ்டி எண்ணோடு மாதாந்தரப் பில் கொடுத்திருக்க வேண்டும். படிவத்தில் எண்ணைக் கொடுக்காமல் விட்டவர்கள் நிறைய பேர், இன்றே கொடுத்துவிடுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது, அவர்களுக்கு வரியும் சேர்ந்து செலவுதான்.

விற்ற பொருள் திரும்பி வந்து, பணத்தைக் கார்டுக்கே திருப்பி அனுப்ப நேர்ந்தால், முதலில் கழித்த கட்டணம் உங்களுக்குத் திரும்பி வருமா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். வராது என்று எழுதியிருந்தால், பொருள் திரும்பி வருவது சகஜமான வியாபாரத்தில் அது ஒரு நிரந்தரச் செலவு.

கடையில் என்ன செய்யலாம்

கார்டை மறுப்பதை நான் சொல்ல மாட்டேன். கிரெடிட் கார்டோடு வருபவர் பல நேரம் கையில் பணம் இருப்பவரைவிடப் பெரிய பில் போடுவார், அந்த வியாபாரத்தை இழப்பது 130 ரூபாயைவிடப் பெரிய நஷ்டம். ஆனால் இரண்டு வழியும் கையில் உள்ள வாடிக்கையாளர் எதை முதலில் எடுக்கிறார் என்பது ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது. க்யூஆர் தாள் கல்லாவுக்கு முன்னால், கண் மட்டத்தில், வெளிச்சம் படுகிற இடத்தில் இருக்கட்டும். கார்டு மெஷினை மேசைக்கு அடியில் வைத்து, கேட்டால் எடுங்கள். "போன்ல அனுப்புறீங்களா?" என்று முதலில் கேளுங்கள். கட்டணம் எதையும் வாடிக்கையாளர் மேல் ஏற்றாமல், விதி எதையும் மீறாமல் செய்யக்கூடியது இது.

பெரிய பில் என்றால், க்யூஆரில் ரூபே கிரெடிட் கார்டிலிருந்து அனுப்பவும் வழி இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லாபம் அதைத் தாங்காது என்றால், க்யூஆரில் கிரெடிட் கார்டை ஏற்பதை நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறதா என்று உங்கள் நிறுவனத்தைக் கேளுங்கள்.

கட்டணத்திலிருந்து தப்ப ஒரே பில்லை 1,900, 1,900 என்று துண்டுபோட்டுத் தேய்க்கச் சொல்லும் யோசனையும் அடிக்கடி காதில் விழும். கார்டில் அதனால் மிஞ்சுவது கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டி மட்டுமே, கட்டணம் அப்படியே இருக்கும். துண்டுபோடுவதை ஒப்பந்தங்கள் பொதுவாகத் தடைசெய்கின்றன, ஒரே கார்டில் தொடர்ந்து தேய்ப்பது மோசடிக் கண்காணிப்பிலும் மாட்டும். அந்தச் சில ரூபாய்க்காக உங்கள் செட்டில்மென்டை நிறுத்திவைத்துவிட்டால், அன்றைய வியாபாரப் பணம் மொத்தமும் நாட்கணக்கில் முடங்கும்.

இன்றிரவு கடையை அடைத்த பிறகு நேற்றைய அறிக்கையை இறக்கி, கார்டு வரிகளை மட்டும் எடுத்து, மேலே போட்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கைந்து வரிகள் இருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ரூபே டெபிட் என்ற வரிக்கு நேராக MDR கட்டத்தில் பூஜ்யம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.